வில்லி வெளியேறாத வீடு

'தெய்வமகள்' சன் டிவியில் 2013 முதல் 2018 வரை 1,400 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அதன் நாயகி யார் என்று இன்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சத்யா என்பார்கள். வாணி போஜன் நடித்த பாத்திரம் என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். வில்லியின் பெயருக்கு யாரும் யோசிப்பதில்லை. அண்ணியார்! பாத்திரத்தின் பெயர் காயத்ரி, நடித்தவர் ரேகா கிருஷ்ணப்பா. ஆனால் தெருவில் நின்றது 'அண்ணியார்'தான். கொழுந்தன் பிரகாஷ் அண்ணிமேல் வைத்த கண்மூடித்தனமான மரியாதையிலிருந்துதான் அந்தக் கதையின் பாதித் தொல்லைகள் பிறந்தன.

மாமியாரோ நாத்தனாரோ அண்ணியோ ஓரகத்தியோ, யாரோ ஒருவர் சூழ்ச்சி செய்கிறார், நாயகி பொறுத்துக்கொள்கிறாள். 1999-ல் 'சித்தி' தொடங்கி இரவு நேரத்தை மெகா தொடர்கள் பிடித்துக்கொண்டதிலிருந்து இந்த ஜோடி திரையை விட்டு இறங்கவே இல்லை. ஏன் என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். இது நம் பண்பாட்டிலேயே இருக்கிறது என்பது முதலாவது. பெண்கள் இதைத்தான் பார்க்க விரும்புகிறார்கள் என்பது இரண்டாவது. எழுதுபவர்களுக்குக் கற்பனை இல்லை என்பது மூன்றாவது. மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். வாரத்துக்கு ஐந்தாறு நாள், வருடக்கணக்காக ஒரே குடும்பத்துக்குப் புதுப்புதுத் தொல்லைகளைக் கண்டுபிடிக்கிறவர்களுக்குக் கற்பனைப் பஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற இரண்டும் கொஞ்ச தூரம் வரும், பிறகு நின்றுவிடும்.

பண்பாட்டு வாதத்துக்குக் கண்ணகி, சீதை என்று பெரிய பெயர்களைத்தான் முதலில் இழுப்பார்கள். அவர்கள் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துவதில்லை. கண்ணகி அரசவைக்குப் போய் நீதி கேட்டு நகரை எரித்தவள். அவள் கதையில் மாமியார் கொடுமை கிடையாது. தொடர்களின் உண்மையான பாட்டியைத் தேடினால் நல்லதங்காளிடம் போக வேண்டும். பஞ்சம் தாளாமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் நல்லதம்பி ஊரில் இல்லை. அண்ணி மூளியலங்காரி சோறு போட மறுக்கிறாள். நல்லவனான ஆண் வெளியே போயிருக்கிறான், வீட்டின் அதிகாரம் அண்ணி கையில், வந்தவளுக்கோ சண்டை போட்டுப் பழக்கமில்லை. இன்றைய எந்தத் தொடரின் ஒன்லைனிலும் இதைப் பார்க்கலாம்.

ஆனால் நல்லதங்காள் பொறுமையாகக் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்துவிடுகிறாள். அண்ணன் திரும்பி வருகிறான், மூளியலங்காரி தண்டிக்கப்படுகிறாள், கதை முடிகிறது. ஒரு இரவுக் கூத்தில் அடங்கும் கதை அது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த குடும்பப் படங்களும் இப்படித்தான். 'பாகப்பிரிவினை' வகைப் படங்களில் சூழ்ச்சிக்காரர் வீட்டைப் பிளப்பார். மூன்று மணி நேரத்துக்குள் உண்மை வெளியாகி வீடு ஒட்டிக்கொள்ளும். பாத்திரங்கள் பழையவைதான். அவர்களை ஐந்து வருடம் அதே நிலையில் நிறுத்தி வைப்பதுதான் புதுசு. அதைப் பண்பாடு மட்டும் செய்துவிடாது. அதற்கு ஒரு தொழில் வேண்டும்.

அந்தத் தொழிலின் கணக்கு இப்படி. சன் டிவியில் நீண்ட காலம் இருந்த முறைப்படி, தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி அரை மணி நேர ஸ்லாட்டை எடுப்பார். அந்த நேரத்துக்குள் கிடைக்கும் விளம்பர நிமிடங்களை அவரே விற்றுக்கொள்வார். வேறு சேனல்களில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தொடரை எடுக்கச் சொல்கிறது. இரண்டிலும் ஓடுகிற தொடரை நிறுத்துவதால் யாருக்கும் லாபமில்லை. புதுத் தொடர் பிடிக்குமா பிடிக்காதா என்பது சூதாட்டம்; பிடித்துவிட்ட தொடர் மாதச் சம்பளம் மாதிரி. அமெரிக்க வானொலியில் 1930-களில் சோப்புக் கம்பெனிகளின் பணத்தில் தினசரித் தொடர்கள் தொடங்கியபோதே இந்தக் கணக்கு உருவாகிவிட்டது. லத்தீன் அமெரிக்க நெடுந்தொடர்கள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்கர்களின் முடிவற்ற முறையை.

முடியக்கூடாத கதைக்கு இரண்டு தேவைகள் உண்டு. எதிரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அவரை வெளியே தள்ளவும் கூடாது. வெளி ஆள் வில்லனாக இருந்தால் போலீஸ், வழக்கு, சிறை என்று ஒரு முடிவு வந்துவிடும். காதலில் குறுக்கே வருகிறவள் என்றால் கல்யாணத்தோடு அவள் வேலை முடிந்தது. புகுந்த வீட்டு உறவுக்கு மட்டும்தான் காலாவதித் தேதி கிடையாது. அண்ணி என்ன செய்தாலும் அண்ணன் மனைவி. நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தாலும் 'வாழாவெட்டி'யாகத் திரும்பி வந்து மாடி அறையில் உட்கார்ந்துவிடலாம். இந்த உறவுக்காரர்களுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியும், பத்திரம் இருக்கும் பீரோ தெரியும், மாத்திரை டப்பா தெரியும். ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள்.

அந்த மேஜைக்குச் செலவுக் கணக்கும் உண்டு. வாடகைக்கு எடுத்த ஒரு ஷூட்டிங் பங்களாவில் ஹால், படிக்கட்டு, பூஜையறை, சமையலறை, இரண்டு படுக்கையறை இருந்தால் மாதக்கணக்கில் எபிசோடுகளை எடுத்துத் தள்ளலாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு எபிசோடுக்கான காட்சிகளை முடித்தாக வேண்டிய அவசரத்தில் யூனிட்டை வெளியே கொண்டுபோக நேரம் ஏது? வீட்டுக்குள் நடக்கக்கூடிய குற்றங்கள்தான் கட்டுபடியாகும். ஹீரோவுக்கு வேறு படப்பிடிப்பு இருந்தால் அவர் 'வெளியூர் போயிருப்பார்'. நல்லதம்பி ஊரில் இல்லாததற்குப் பஞ்சக் கதையில் ஒரு காரணம் இருந்தது. இங்கே கால்ஷீட்!

இனி பொறுமைக்கு வருவோம். இதைப் பெண்ணின் குணமாகப் பார்ப்பதால்தான் நாம் தவறிப்போகிறோம் என்று நினைக்கிறேன். நாயகி பொறுமையாக இருப்பது முதலில் ஒரு திரைக்கதைத் தேவை. ஒரு மாதிரி ட்ராக்கை எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். இது எந்தத் தொடருக்கும் உரியதல்ல, எல்லாத் தொடரிலும் இருப்பது.

நாத்தனார் தன் கணவனின் கடனை அடைக்க மாமியாரின் நகையை எடுத்து அடகு வைத்துவிடுகிறாள். அதை நாயகி பார்த்துவிடுகிறாள். அவள் நேராக ஹாலுக்கு வந்து எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் கதை அன்றைக்கே முடிந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு எபிசோட். ஆகவே அவளுக்கு வாய்ப்பூட்டு வேண்டும். மாமனாருக்கு இதய நோய். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாயகி மௌனமாகிறாள்: ஒரு வாரம். நாத்தனார் கையைப் பிடித்து அழுது சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். சத்தியத்தை மீற முடியாது: இன்னும் ஒரு வாரம். அடகுச் சீட்டு நாயகியின் பீரோவில் கிடைக்கிறது, பழி அவள்மேல். இப்போது உண்மையைச் சொன்னாலும் தப்பிக்கச் சொல்கிற பொய்யாகத்தான் தெரியும். கணவன் ஊரிலிருந்து வந்து, கேட்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் தன் பக்கத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது செல்போன் அடிக்கிறது. இப்படியே ஐந்து, ஆறு வாரம் ஓடும். ஒவ்வொரு வாரமும் கதையை நகர்த்தியது நாத்தனார். ஒவ்வொரு வாரமும் கதை முடியாமல் பார்த்துக்கொண்டது நாயகியின் வாய்.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும். தொடரில் திட்டம் போடுகிறவர், முடிவெடுக்கிறவர், ஆபத்தை விலைக்கு வாங்குகிறவர் எல்லாம் வில்லிதான். நாயகிக்குக் கிடைப்பது விளைவுகள். அதனால்தான் அண்ணியாரின் பெயர் நினைவில் நிற்கிறது. நேர்காணல்களில் வில்லி நடிகைகள், கடைத்தெருவில் பெண்கள் தங்களைத் திட்டியதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் திட்டில் மரியாதையும் கலந்திருக்கிறது. அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களைப் பற்றி டானியா மோட்லெஸ்கி 1982-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எல்லாருடைய துன்பத்தையும் புரிந்துகொண்டு, எதையும் மாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் இடத்தில் தொடர் பார்வையாளரை உட்கார வைக்கிறது. வில்லியோ அந்தக் கையாலாகாத நிலையை மறுத்து, தனக்கு எதிரான சூழலையே ஆயுதமாக்குகிறாள். அவளைப் பெண்கள் அவ்வளவு தீவிரமாக வெறுப்பதில் அவர்களே ஒப்புக்கொள்ளாத ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது என்பது மோட்லெஸ்கியின் வாதம். நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தாது, அமெரிக்கத் தொடர்களில் வில்லி பெரும்பாலும் காதல் போட்டியாளர். ஆனால் அண்ணியார் திரையில் வரும்போது வீட்டில் பேச்சு நின்றுபோவதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

வில்லி தன் திட்டத்தைத் தனியாக நின்று மைண்ட் வாய்ஸில் முழுக்கச் சொல்வதைப் பலர் கேலி செய்வார்கள். அது விவரமில்லாதவர்களின் கேலி. இரவு ஏழரை மணிக்குத் தொடர் பார்க்கிற பெண் பாதி நேரம் பார்ப்பதில்லை, கேட்கிறாள். குக்கர் விசில் அடிக்கிறது, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. வில்லிக்கென்று ஒரு பின்னணி இசை, அதைத் தொடர்ந்து அவள் வாயாலேயே திட்டம், பிறகு ஒரே வசனத்துக்கு ஹாலில் நிற்கும் எட்டுப் பேருடைய முகத்திலும் மாறி மாறி ஜூம். சமையலறையில் இருந்தே கதை புரியும். நேற்று பார்க்காதவருக்கும் புரியும். எட்டு முகத்துக்குத் தலா நான்கு விநாடி என்றால் அரை நிமிடம் செலவே இல்லாமல் நிரம்பியும்விடும். டிராய் விதிப்படி மணிக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் போடலாம். அரை மணி ஸ்லாட்டில் அது போக மிச்சத்தை நிரப்பியாக வேண்டுமே. வாராவாரம் வரும் பார்க் ரேட்டிங் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. விளம்பர இடைவேளைக்கு முன் வில்லி சிரிக்கிற ஃப்ரீஸ் அந்தக் கணக்குக்குத்தான்.

ரேட்டிங் கருவி வீட்டில் இருக்கிறது, வீட்டில் பெரும்பாலும் ஒரே டிவி இருக்கிறது. இதிலிருந்து பிறக்கும் ஒரு நுணுக்கத்தை யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி இது. மாமியாரைத் திருத்தவே முடியாத அரக்கியாகக் காட்டினால் பார்வையாளர்களில் பாதிப் பேர் தங்களைத் திட்டுவதாக நினைப்பார்கள். 'மெட்டி ஒலி' காலத்துக் கொடுமைக்கார மாமியாருக்குப் பிறகு கதைகளின் போக்கைக் கவனித்தால், மாமியார் மெல்லக் கனிகிற பாத்திரமாகிவிடுவதைப் பார்க்கலாம். ஏமாற்றப்பட்டு மருமகளை வெறுப்பார், பிறகு உண்மை தெரிந்து அழுவார். நிரந்தரச் சூழ்ச்சிக்காரி பக்கவாட்டு உறவில் இருக்கிறாள்: அண்ணி, ஓரகத்தி, நாத்தனார், சின்ன மாமியார். 2000 முதல் 2008 வரை ஸ்டார் பிளஸ்ஸில் 1,800 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய இந்தித் தொடர் 'க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி'யின் பெயரே மாமியாரும் ஒருநாள் மருமகள்தான் என்று சமாதானம் பேசுகிறது. அதைத் தயாரித்த ஏக்தா கபூருக்கு இரண்டு பேருமே வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இன்று தனிக்குடித்தனங்களே அதிகம். அப்புறம் ஏன் திரையில் இருபது பேர் கொண்ட கூட்டுக்குடும்பம்? சிலர் இதை ஏக்கம் என்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. சமையல் பிரிந்திருக்கிறது, சொத்து பிரியவில்லை. வீட்டுப் பத்திரம், தங்கையின் சீர், அம்மாவை யார் வைத்துக்கொள்வது, அண்ணன் வாங்கிய கடனுக்கு யார் கையெழுத்து ஆகிய நான்கும் தனிக்குடித்தனக்காரர்களையும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரே ஹாலில் உட்கார வைக்கின்றன. ஆண்டுக்கு நான்கு நாள் வெடிக்கும் சண்டையைத் தொடர் தினமும் வெடிக்க வைக்கிறது.

பெண்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம் என்ற வாதத்துக்கு வருவோம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1984-ல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்', மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. மெக்சிகோவில் மிகேல் சபீதோ உருவாக்கிய கல்வித் தொடர் முறையைப் பார்த்துச் செய்தது. அந்த முறையில் நல்லவர், கெட்டவர், நடுவில் தடுமாறி மாறுகிறவர் என்று மூன்று வகைப் பாத்திரங்கள் வேண்டும். பார்வையாளர் அந்த மூன்றாமவரோடு சேர்ந்து மாறுவார் என்பது திட்டம். குடும்பத் தலைவி பாகவந்தி குடிகாரக் கணவனிடமும் மாமியாரிடமும் அடங்கிப்போகிறவள். இப்படி இருந்தால் இதுதான் கதி என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். பின்னர் அர்விந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் பார்வையாளர்களிடம் ஆய்வு நடத்தியபோது, கணிசமானோர், பெண்களும் சேர்த்துத்தான், பாகவந்தியையே பின்பற்றத்தக்கவளாகச் சொன்னார்கள். எச்சரிக்கையாக வைத்த பாத்திரம் முன்மாதிரி ஆகிவிட்டது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, மக்கள் கேட்பது இதைத்தான்' என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அதிகாரமில்லாத ஒருத்தி தினமும் கண்முன் துன்பப்படும்போது, பார்ப்பவர்கள் அவள் நடத்தையை எடை போடுவதில்லை, அவள் பக்கம் நின்றுவிடுகிறார்கள். துன்பம் அவளுக்குத் தகுதியைக் கொடுத்துவிடுகிறது. வணிகத் தொடர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. சபீதோவின் மூன்றாமவரை, மாறுகிறவரை, மட்டும் கழற்றிவிட்டன. மாறுகிறவர் இருந்தால் கதை எங்காவது போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்காகத் தொடர்கள் பெண்களை அடங்கிப்போகக் கற்றுக்கொடுக்கின்றன என்ற குற்றச்சாட்டும் அவ்வளவு சுலபமாக நிற்காது. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளின் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்தது. கேபிள் டிவி வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தை வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. சின்னத்திரையில் மாமியார்கள் கோலோச்சிய காலம் அது. கேபிளில் தொடர் மட்டும் வரவில்லை என்பதால் பெருமையைத் தொடர்களுக்குக் கொடுத்துவிட முடியாது. பழியையும் அப்படி மொத்தமாகத் தூக்கி வைக்க முடியாது.

இந்த அச்சை உடைக்க முயன்றவர்களில் இயக்குநர் வி. திருச்செல்வம் முக்கியமானவர். அவருடைய இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோட். தேவயானியின் அபி புகுந்த வீட்டுத் தொல்லைகளைச் சகித்துக்கொண்டே இருக்கவில்லை. கணவன் பாஸ்கரை விட்டு விலகி, கட்டுமானத் தொழிலில் சொந்தக் காலில் நிற்கிறாள். அந்தக் காலத்தில் பெரிய அடி. ஆனால் மாமியார் வீட்டை விட்டு வந்ததுமே கதைக்கு வேறு எதிரி தேவைப்பட்டது. வந்த ஆதி வெளியாள் இல்லை. அபியின் தந்தையுடைய இன்னொரு குடும்பத்து மகன். புகுந்த வீட்டு உறவை அறுத்துக்கொண்டவளை ரத்த உறவு வந்து பிடித்துக்கொண்டது. தொழில் போட்டியாளன் ஒருவனை வைத்து ஆறு வருடம் ஓட்ட முடியாது என்பது திருச்செல்வத்துக்குத் தெரிந்திருக்கிறது.

2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இன்னும் துணிச்சலானது. சூழ்ச்சிக்காரர் பெண் இல்லை. மூத்த மைத்துனர் ஆதி குணசேகரன். ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி என்று நான்கு மருமகள்களும் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதை விட்டுச் சேர்ந்து நிற்கிறார்கள். ஓரகத்திகளைக் கூட்டாளிகளாக்கியதுதான் அந்தத் தொடரின் உண்மையான புதுமை என்பேன். அதிகாரத்தை ஆண் கையில் வைத்துக்கொண்டு, அதன் பழியை மட்டும் பெண் முகத்தில் ஒட்டிய பல வருட ஏற்பாட்டை அது நேராகக் காட்டியது. ஆனாலும் அந்தப் பெண்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு என்ற சொத்துச் சிக்கல் மாதக்கணக்கில் ஓடியது. ஊர் வாயில் நின்றதும் குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்'தான். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது தொடரின் எதிர்காலமே கேள்வியானது. வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 2024 ஜூனில் முடிந்து, அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகமாகத் திரும்ப வந்தது. அப்போதும் எதிரே குணசேகரன் இருந்தார்.

விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி' 2020-ல் தொடங்கியது. வங்காளத்தின் 'ஸ்ரீமோயி'யைத் தழுவியது. இந்தியில் அதே கதை 'அனுபமா'. வீட்டு வேலையே கதியென்றிருந்த நடுத்தர வயதுப் பெண் சமையல் தொழிலில் முன்னேறுகிறாள், விட்டுப்போன கணவனைத் தாண்டி வளர்கிறாள். பொறுமைசாலி இப்போது சம்பாதிக்கிறாள் என்பது நல்ல மாற்றம்தான். பொறுமை மட்டும் போகவில்லை. விலகிப்போன கணவனின் தாயையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே வர வழியில்லை.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் திரைக்கதைத் தேவை என்பதைத் தொடர் முடியும் வாரங்களில் பார்த்தால் தெரியும். ரேட்டிங் இறங்கி, ஸ்லாட்டைப் புதுத் தொடருக்குக் கொடுக்கச் சேனல் முடிவெடுத்துவிட்டால், எழுதுபவருக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். அதுவரை சத்தியத்தால் கட்டப்பட்டிருந்த நாயகி ஹாலுக்கு வந்து நின்று பேசுகிறாள். மூன்று வருடமாக யார் சொன்னாலும் நம்பாத கணவன் ஒரே வீடியோவைப் பார்த்து நம்புகிறான். மாமனாரின் இதயமும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. வில்லி சிறைக்கோ, மரணத்துக்கோ, மன்னிப்புக்கோ போகிறாள். அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில், சில சமயம் அதே பங்களாவில், வேறு ஒரு பெண் ஆரத்தித் தட்டைத் தாண்டி உள்ளே வருகிறாள். மாடிப்படியில் நாத்தனார் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.